நாள் நெருங்கியும் வலி வரவில்லையா? ஸ்வீப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்களைக் கூட்டித்தான் பிரசவத் தேதியைக் குறிக்கிறார்கள். சரியாக அந்த நாளில் பிறக்கும் குழந்தைகள் சொற்பம். ஒரு வாரம் முன்பின் ஆவது இயல்புதான். ஆனால் 41 வாரத்தைத் தாண்டினால் நஞ்சுக்கொடியின் வேலைத்திறன் குறையலாம் என்பதால், மருந்து வைத்து வலி வரவழைக்கும் பேச்சு எழும். அந்த நிலைக்குப் போகாமலே வலி தொடங்குமா என்று பார்க்க, 39 வாரம் முடிந்த பிறகு மருத்துவர்கள் செய்யும் எளிய முயற்சிதான் 'மெம்பரேன் ஸ்வீப்'. சுருக்கமாக, ஸ்வீப்.

குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிக்குடப் பை, கருப்பையின் அடிப்பகுதியில் உட்சுவரோடு ஒட்டியிருக்கும். உள் பரிசோதனையின்போது மருத்துவர் கையுறை அணிந்த விரலைக் கருப்பை வாய்க்குள் விட்டு, வட்டமாகச் சுழற்றி, அந்த ஒட்டலை மெல்லப் பிரித்துவிடுவார். பை உடைக்கப்படுவதில்லை. பிரியும் இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. கருப்பை வாயை மென்மையாக்கி, கருப்பையைச் சுருங்கத் தூண்டுவது அதுதான். வலி வர வைக்கும் ஜெல்லில் இருப்பதும் இதே வகை மருந்துதான். ஸ்வீப் செய்யும்போது அதை உடம்பே சுரந்துகொள்கிறது.

முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 40 வாரம் முடிந்துவிட்டது, வலி இல்லை. பரிசோதித்ததில் கருப்பை வாய் மென்மையாகி, ஒரு விரல் நுழையும் அளவு திறந்திருக்கிறது. ஸ்வீப் செய்ய ஓரிரு நிமிடம் போதும். வழக்கமான உள் பரிசோதனையைவிட இது கூடுதலாக வலிக்கும். வலி தாங்க முடியாவிட்டால் உடனே நிறுத்தச் சொல்லலாம். அன்று மாலை மாதவிடாய் வலி போல அடிவயிறு இழுக்கும். சளி போன்ற திரவத்தோடு கொஞ்சம் ரத்தம் படும். சிலருக்கு இரவெல்லாம் வலி விட்டுவிட்டு வந்து, விடிந்ததும் அடங்கிவிடும். இவை எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவைதான். வலி ஒழுங்காகி, இடைவெளி குறைந்து, ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே வந்தால் அது பிரசவ வலி. பலன் கிடைக்குமானால் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் தெரிந்துவிடும். இல்லையென்றால் சில நாள் கழித்து மறுபடியும் செய்யலாம்.

இது எந்த அளவுக்குப் பலிக்கும்? பல ஆய்வுகளைத் திரட்டி 2020இல் வெளியான காக்ரேன் அறிக்கையின்படி, ஸ்வீப் செய்யாத 100 பெண்களில் சுமார் 60 பேருக்குத் தானாக வலி வந்தது. செய்தவர்களில் சுமார் 72 பேருக்கு வந்தது. பலன் உண்டு, ஆனால் எல்லோருக்கும் உறுதி இல்லை. சிசேரியன் ஆகும் வாய்ப்பில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. கருப்பை வாய் இறுக மூடியிருந்தால் விரல் நுழையாது. அப்போது வாயைச் சுற்றி வெளியே மெல்லத் தேய்த்துவிடுவதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருந்தால் ஸ்வீப் செய்யவே கூடாது. காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தாலும், சுகப்பிரசவத்துக்கு வேறு தடை இருந்தாலும் அப்படியே. செய்த பிறகு பனிநீர் உடைந்தாலோ, பேட் நனையும் அளவு சிவப்பாக ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, வலி இடைவெளியே இல்லாமல் நீடித்தாலோ, 'ஸ்வீப்பினால் இருக்கும்' என்று வீட்டிலேயே இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஸ்வீப் பலிக்காமல் 41 வாரம் ஆகிவிட்டால் அடுத்த மென்மையான வழி பலூன். மெல்லிய ஃபோலி குழாயைக் கருப்பை வாய் வழியாகச் செலுத்தி, அதன் நுனியில் உள்ள பலூனில் 30 முதல் 60 மில்லி வரை உப்புநீர் நிரப்புவார்கள். அது உள்ளிருந்து அழுத்த அழுத்த வாய் மெல்ல விரியும். சுமார் 3 சென்டிமீட்டர் திறந்ததும் பலூன் தானே நழுவி வெளியே வந்துவிடும். இதற்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். பலூன் விழுந்ததும் பிரசவம் நெருங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் பனிக்குடத்தை உடைப்பதும் டிரிப்ஸில் ஆக்சிடோசின் ஏற்றுவதும். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குப் புரோஸ்டாகிளாண்டின் மருந்துகளால் பழைய தையல் விடும் ஆபத்து கூடும் என்பதால், அவர்களுக்குப் பல மருத்துவர்கள் பலூனையே விரும்புகிறார்கள்.

வலி வரட்டும் என்று வீட்டில் விளக்கெண்ணெய் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது குடலைக் கலக்கி, வயிற்றுப்போக்கையும் நீரிழப்பையும் உண்டாக்கும். பிரசவத்துக்குத் தெம்பு தேவைப்படும் நேரத்தில் உடம்பைச் சோர்வாக்கிவிடும். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

உள் பரிசோதனை என்று படுக்கவைத்துவிட்டு, சொல்லாமலே ஸ்வீப் செய்வது சரியல்ல. சம்மதம் கேட்டுச் செய்ய வேண்டிய சிகிச்சை இது. 39 வாரம் நெருங்கும்போது நீங்களே கேளுங்கள்: "இன்றைக்குப் பரிசோதனை மட்டும்தானா டாக்டர், ஸ்வீப்பும் செய்யப் போகிறீர்களா? எனக்கு நஞ்சு எங்கே இருக்கிறது? இன்னும் சில நாள் காத்திருக்கலாமா?" தாயும் குழந்தையும் நலமாக இருந்தால், காத்திருப்பதும் சரியான முடிவுதான்.