ஷெங்கன் விசா கிடைக்குமா? விண்ணப்பிக்கும் முன்பே கணிக்கலாம்

முதல்முறை ஐரோப்பா போகிறவர்கள் ‘பேங்க்கில் எத்தனை லட்சம் காட்ட வேண்டும்?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தூதரக அதிகாரி பார்ப்பதோ மொத்தத் தொகையை மட்டுமல்ல. அந்தப் பணம் எப்படி வந்தது, பயணத் திட்டத்துக்கும் விண்ணப்பதாரரின் வாழ்க்கைக்கும் அது பொருந்துகிறதா என்பதையும் பார்க்கிறார்.

ஓர் உதாரணம். கோவையில் மாதம் 45,000 ரூபாய் சம்பளம் வாங்கும் கணக்கர் ஒருவர், பாரிஸில் ஆறு இரவு, சுவிட்சர்லாந்தில் மூன்று இரவு தங்கத் திட்டமிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆக, இவர் போக வேண்டியது பிரான்ஸிடம். சுவிஸ் பக்கம் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது என்று அங்கே போனால், தொடக்கமே கோணல்.

அடுத்தது பணம். ஹோட்டல் முன்பதிவு இருந்தால் ஒரு நாளைக்கு 65 யூரோ கையில் இருக்க வேண்டும் என்பது பிரான்ஸின் கணக்கு. பத்து நாளுக்கு 650 யூரோ. இது எட்டாத தொகை இல்லை. சிக்கல் ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது. மாதக் கடைசியில் 80,000 ரூபாயைத் தாண்டாத கணக்கில், விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு மூன்று லட்சம் வந்து விழுந்திருக்கிறது. யாருடைய பணம் என்று அதிகாரி யோசிப்பார். முதிர்ந்த எஃப்டி என்றால் வங்கியின் சான்றை இணைக்கலாம். மாமா கொடுத்தது என்றால் அவருடைய கடிதமும் வருமானச் சான்றும் வேண்டும். எதுவும் இல்லையென்றால் அந்த மூன்று லட்சமே சந்தேகத்தை வளர்க்கும்.

மூன்றாவது, திரும்பி வருவார் என்ற நம்பிக்கை. வேலையில் இருப்பதாகச் சொல்லும் கடிதம் மட்டும் போதாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை விடுப்பு தரப்பட்டிருக்கிறது என்பது அதில் இருக்க வேண்டும். விமான முன்பதிவோடும் ஒத்துப்போக வேண்டும். பாஸ்போர்ட்டில் பழைய முத்திரை இல்லாதது மட்டுமே மறுப்புக்குக் காரணமாகாது. ஆனால் முன்பு போய்த் திரும்பிய வரலாறு இல்லாததால், இந்தக் காகிதங்களுக்குத்தான் கனம் கூடுகிறது.

ஏஜென்ட் ‘நூறு சதவீதம் கேரன்டி’ என்றால் நம்ப வேண்டாம். விஎஃப்எஸ் மையமும் காகிதங்களை வாங்கி அனுப்புவதோடு சரி. முடிவு தூதரகத்தின் கையில்.

எனவே தங்கும் இடங்கள், வங்கிக் கணக்கு, விடுப்புக் கடிதம் மூன்றையும் மேசையில் பரப்பி, அறிமுகமில்லாத ஒருவரிடம் காட்டுங்கள். அவர் கேட்கும் கேள்விக்குக் காகிதத்தில் பதில் இல்லையென்றால், சில மாதம் சம்பளத்தைச் சேமித்துவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது. மறுக்கப்பட்டால் 90 யூரோ கட்டணம் திரும்பாது. மறுப்பும் ஷெங்கன் நாடுகளின் பொதுப் பதிவில் ஐந்து ஆண்டுகள் வரை இருக்கும்.