சாலைக்கு முன் நீச்சல் குளம்

சந்திரகிரிக் கோட்டைச் சாலை போன்ற கடினமான தரையில் திடீரெனத் தூரத்தைக் கூட்டி ஓடுவோருக்குக் கால் எலும்பில் மயிரிழை போன்ற அழுத்த முறிவு ஏற்படக்கூடும். விரல் நுனியால் அழுத்தும்போது ஒரே இடத்தில் வலிப்பது இதன் அறிகுறி.

மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃபுக்கு 2008-இல் தொடையெலும்பில் இம்முறிவு ஏற்பட்டது. நீரில் ஓடிப் பயின்று பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பங்கேற்றார். ஆனால் கெண்டைக்கால் பிடிப்பால் நடுவே நின்று, 23-ஆம் இடத்தையே பெற்றார். நீர்ப்பயிற்சி இதயத்தையும் நுரையீரலையும் காக்கும். தரையின் அதிர்வைத் தாங்கத் தசைக்கும் எலும்புக்கும் கற்றுத்தராது என்பதே இதில் நாம் அறிய வேண்டியது.

ஆகவே, மருத்துவர் இசைந்தபின், மிதவைப் பட்டை அணிந்து, பாதம் தரை தொடாத ஆழத்தில் ஓடுங்கள். வலியில்லையெனில் எளிதாகச் சுழலும் மிதியுடன் சைக்கிள் பயிற்சியைச் சேருங்கள். அரைமணி நேரம் வலியின்றி நடக்க முடிந்தபின், ஒரு நிமிட ஓட்டம், நான்கு நிமிட நடை என ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குங்கள். ஓட்ட நேரத்தை மெல்லக் கூட்டுங்கள். மூச்சு எளிதாக இருப்பதை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். பழைய இடத்தில் வலி திரும்பினால் ஓட்டத்தை நிறுத்தி, மருத்துவரை அணுகுங்கள்.