எதிலும் மோதாத விபத்து

காலை ஒன்பது மணி நகரப் பேருந்து. ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடுகிறார். வண்டி எதிலும் மோதவில்லை, கண்ணாடி உடையவில்லை. உள்ளே மட்டும் நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிகிறார்கள். ஒரு மூதாட்டி இன்ஜின் மூடிவரை போய் விழுகிறார். வண்டி மீண்டும் கிளம்பிவிட்டால், இப்படி ஒன்று நடந்ததற்குச் சாலையில் எந்தத் தடயமும் இருக்காது. எஞ்சுவது நடத்துனர் பணிமனையில் எழுதிக் கொடுக்கும் அறிக்கை ஒன்றுதான். பல நேரங்களில் அதுவும் நாலு வரியில் முடிந்துவிடுகிறது.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேருந்தைப் பதமாக நிறுத்த எட்டு, ஒன்பது நொடி ஆகும். அவசர பிரேக்கில் அதே வண்டி இரண்டு நொடி சொச்சத்தில் நின்றுவிடும். வண்டி வேகம் இழக்கும்போது, நிற்பவரின் உடல் பழைய வேகத்திலேயே முன்னே போகும். அரை நொடிக்குள் அவர் பேருந்தைவிட மணிக்கு 9 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் நகர்ந்துகொண்டிருப்பார். கைக்கெட்டும் கம்பியைத் தேடிப் பிடிக்க அந்த நேரம் போதாது. கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு, பக்கவாட்டில் விழுந்தால் இடுப்பு, இருக்கைக் கம்பியில் இடித்தால் பல்லும் உதடும். வண்டி முழுதாக நிற்கும் கணத்தில் பின்பக்கமாக இன்னொரு குலுக்கல் வரும். முதல் அடியில் தப்பியவர்கள் அதில் விழுவதுண்டு.

அந்த நாலு வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘குறுக்கே வந்த இருசக்கர வாகனத்தின் மீது மோதாமல் இருக்க ஓட்டுநர் பிரேக் போட்டார். கம்பியைப் பிடிக்காமல் நின்ற பெண் பயணி விழுந்துவிட்டார். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.’

இதை எழுதியவர் பொய் சொல்ல நினைத்திருக்க மாட்டார். ஆனால் அவர் அப்போது பின்படிக்கு அருகே டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். நிற்கும் கூட்டத்தைத் தாண்டிச் சாலை அவருக்குத் தெரிந்திருக்காது. ‘குறுக்கே வந்த’ என்பது ஓட்டுநர் சொன்னது. தான் கண்டதுபோல அதை எழுதியிருக்கிறார். ‘கம்பியைப் பிடிக்காமல்’ என்பது அதைவிடக் கனமான சொல். அந்த அம்மா ஏன் பிடிக்கவில்லை? டிக்கெட் வாங்கக் கையை நீட்டியிருக்கலாம். அப்படியானால் அவர் கையை எடுக்க வைத்ததே பேருந்தின் வேலைதான். நாளை இழப்பீட்டு வழக்கு வந்தால், அந்த ஒற்றைச் சொல்லைக் காட்டிப் பயணியின் கவனக்குறைவுதான் காரணம் என்று வாதாடுவார்கள். ‘வேறு யாருக்கும் ஒன்றுமில்லை’ என்பதும் அப்படித்தான். எலும்பில் விரிசல் விட்டவர்கூட அந்தப் பதற்றத்தில் ‘ஒண்ணுமில்லப்பா’ என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார். வீக்கம் மாலையில்தான் தெரியும்.

அதே சம்பவத்தை அனுபவமுள்ள நடத்துனர் ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்? ஒரு மாதிரியை அமைத்துப் பார்ப்போம்.

‘கிளை மேலாளர் அவர்களுக்கு. ஐயா, இன்று காலை இரண்டாம் நடையில், ரயில்வே கேட் நிறுத்தத்துக்குச் சுமார் 100 மீட்டர் முன்பாக, ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டார். அதற்குச் சற்று முன் நான் கொடுத்த கடைசி டிக்கெட்டில் நேரம் 9.12. மெஷின் கணக்குப்படி வண்டியில் 61 பேர், இருக்கை 44. நான் பின்படி அருகே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்ததால் சாலையைப் பார்க்கவில்லை. இருசக்கர வாகனம் ஒன்று குறுக்கே வந்ததாக ஓட்டுநர் சொன்னார். ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் இருந்த பயணி ஒருவரும் அதைப் பார்த்ததாகச் சொன்னார். அவர் பெயரும் செல்பேசி எண்ணும் கீழே உள்ளன. வாகன எண் யாருக்கும் தெரியவில்லை. முன்பக்கம் நின்றிருந்த சுமார் 65 வயதுப் பெண்மணி, கட்டணமில்லா டிக்கெட் வைத்திருந்தவர், இன்ஜின் மூடி அருகே விழுந்தார். வலது மணிக்கட்டில் வலி என்றார். 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். கல்லூரி மாணவர் ஒருவருக்கு உதட்டில் ரத்தம். முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், ஒன்றுமில்லை என்று சொல்லிப் பெயர் தராமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். விழுந்தவர்கள் கம்பியைப் பிடித்திருந்தார்களா என்பதை நான் பார்க்கவில்லை.’

பார்த்தது எது, கேட்டது எது, பார்க்காதது எது என்று மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. ‘நான் பார்க்கவில்லை’ என்ற கடைசி வரியை எழுதப் பலர் தயங்குவார்கள். எனக்கு அந்த அறிக்கையிலேயே மதிப்பு மிக்க வரி அதுதான். தெரியாததைத் தெரியாது என்று எழுதியவர் தெரியும் என்று எழுதியதை நம்பலாம். நேரத்தையும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதவில்லை. டிக்கெட் மெஷின் அச்சிட்ட நேரத்தை யாரும் பிறகு மாற்ற முடியாது. நின்றவர்கள் குறைந்தது 17 பேர் என்பதும் அதே கணக்கிலிருந்து வந்துவிடுகிறது. பெயர் தராதவரைக்கூட அவர் விடவில்லை. பத்து நாள் கழித்து அந்த மனிதர் எக்ஸ்ரேயோடு வந்தால், ‘அப்படி ஒரு பயணியே வண்டியில் இல்லை’ என்று யாரும் சொல்ல முடியாது.

ஓட்டுநரைக் காட்டிக்கொடுப்பதாகாதா என்ற தயக்கம் நடத்துனர்களுக்கு இருக்கும். ஒரே வண்டியில் நாளெல்லாம் ஒன்றாக ஓடுகிறவர்கள். அந்தத் தயக்கம் இயல்பானது. ஆனால் இந்த அறிக்கை ஓட்டுநர் குற்றவாளி என்று எங்கும் சொல்லவில்லை. குறுக்கே வந்த வாகனத்துக்கு ஒரு சாட்சியையும் தேடிக் கொடுத்திருக்கிறது. இரண்டு தரப்பின் தவறாலும் விபத்து நடந்திருந்தால், பாதிக்கப்பட்டவர் அவர்களில் யாரிடமிருந்தும் முழு இழப்பீட்டைப் பெறலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இருசக்கர வாகனத்தின்மேல் பழியைப் போட்டு எழுதிவிட்டால் மட்டும் பொறுப்பு நீங்கிவிடாது.

பிரேக்கைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். மிதித்ததற்குமேல் பிரேக் பிடித்ததா, வண்டி ஒரு பக்கம் இழுத்ததா என்பதை ஓட்டுநரிடம் கேட்டு, அவர் சொன்னதாகவே எழுத வேண்டும். கோளாறு இருந்தால் அதே வண்டி மறுநாள் காலை அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும்முன் பணிமனையில் பார்த்தாக வேண்டுமே!

இவையெல்லாம் அன்றைக்கே நடக்க வேண்டும். காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநருக்கோ வண்டியின் பொறுப்பில் இருப்பவருக்கோ விதிக்கும் கடமைகள். வண்டி எதிலும் மோதவில்லை என்பதால் அந்தக் கடமை போய்விடாது. ‘புகார் இல்லை’ என்று வலியில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்கி வைப்பது இதில் எதற்கும் ஈடாகாது. அது தவறான பழக்கம்.

பயணிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும் என்று 166-ஆம் பிரிவில் திருத்தம் வந்து, 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. மெஷின் டிக்கெட்டின் அச்சு வெயிலிலும் வியர்வையிலும் அதற்குள் வெளுத்துவிடும். பெண்களுக்குத் தரும் கட்டணமில்லா டிக்கெட்டும் நீங்கள் அந்த வண்டியில் இருந்ததற்கான அத்தாட்சிதான். காசு கொடுக்காத சீட்டு என்று கசக்கி எறியாதீர்கள். விழுந்து எழுந்தால் டிக்கெட்டைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்முன் நடத்துனரிடம் பெயரைச் சொல்லி, அறிக்கையில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.