அருவியில் குளிக்கத் தடை, சாப்பாட்டு அட்வான்ஸ் யாருக்கு?

பேச்சிப்பாறை அணையில் உபரி நீரைத் திறந்துவிட்டால் கோதையாறு பெருகும். திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இது அடிக்கடி நடக்கிறது. அன்று அருவிக்கரை வீடுகளில் ஒரு தகராறும் தப்பாமல் நடக்கும். வேனில் வரும் கூட்டத்துக்கு வீட்டிலேயே சமைத்துப் போடும் பெண்கள் பலர் இங்கே இருக்கிறார்கள். மரச்சீனி, மீன்கறி, சோறு என்று முன்பே சொல்லிவைத்து அட்வான்ஸ் அனுப்பியவர்கள், தடை என்று தெரிந்ததும் போன் போட்டு, "குளிக்க விடலியாம், நாங்க வரல. ரூபாயத் திருப்பிப் போட்டுருங்கக்கா" என்கிறார்கள். அந்த அக்காவோ அதற்குள் மீன் வாங்கி வெட்டி முடித்திருப்பார்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் ஒப்பந்தம் செய்தது சாப்பாட்டுக்கு, குளியலுக்கு அல்ல. குளிக்கத் தடை போட்டதால் சமைப்பதோ சாப்பிடுவதோ முடியாமல் போய்விடவில்லை. ஆகவே 'தடை வந்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும்' என்று முன்பே பேசியிருந்தால் ஒழிய, அதை உரிமையாகக் கேட்க முடியாது. அதே நேரம், "அட்வான்ஸ் கொடுத்தா கொடுத்ததுதான், ஒரு பைசா திரும்பாது" என்று விற்பவர் சொல்வதும் சட்டம் அல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 73, 74ஆம் பிரிவுகள் சொல்வது நியாயமான இழப்பீட்டை மட்டுமே. வாக்கு தவறியவரால் எவ்வளவு நஷ்டமோ அவ்வளவுக்குத்தான் கேட்கலாம். அதைச் சாக்காக வைத்து லாபம் பார்க்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 பேருக்குச் சாப்பாடு, ஆளுக்கு 160 ரூபாய், மொத்தம் 4,000. அட்வான்ஸ் 2,000 அனுப்பியாயிற்று. முந்தின நாள் சாயங்காலமே வரவில்லை என்று சொல்லிவிட்டால், குளச்சல் மீன் இன்னும் வாங்கியிருக்க மாட்டார்கள். அரிசியும் தேங்காயும் மறுநாளுக்கும் ஆகும். அந்த நிலையில் பெரும்பகுதிப் பணம் திரும்ப வர வேண்டும். காலை ஒன்பது மணிக்குச் சொன்னால் நிலைமை வேறு. மீனுக்கு 1,100, கூடமாட வேலைக்கு வந்தவருக்குக் கூலி 400 ஆகியிருந்தால், அந்த 1,500 போக 500 ரூபாய் திரும்பக் கேட்பது நியாயம். மீனைப் பக்கத்து வீட்டுக்கோ வேறு கூட்டத்துக்கோ விற்றுவிட்டால் நஷ்டம் அந்த அளவுக்குக் குறையும். வேன் வந்து நின்றும் சாப்பாடு தயாராக இல்லை என்றால் தவறு அவருடையது. முழு அட்வான்ஸும் உங்களுக்குத் திரும்ப வேண்டும்.

இதையெல்லாம் தகராறு வந்த பிறகு பேசுவதுதான் நம் ஆட்களின் பழக்கம். பணம் அனுப்பும் முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டால் போதும். என்ன சாப்பாடு, எத்தனை பேர், எந்தத் தேதி, எத்தனை மணி, மொத்தம் எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எப்போதுவரை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், குளிக்கத் தடை வந்தால் என்ன செய்வது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்து "சரி" என்று பதில் வந்த பிறகே பணம் அனுப்புங்கள். போனில் பேசியது காற்றோடு போகும். இந்தச் செய்தி நிற்கும்.

அட்வான்ஸ் எத்தனை சதவீதம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மளிகைக்கும் மீனுக்கும் ஆகும் அளவு, அதாவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கொடுப்பது இருவருக்கும் நல்லது. முன்பின் தெரியாதவருக்கு முழுத் தொகையையும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள்.

பணமாகக் கொடுத்தால் துண்டுச் சீட்டிலாவது தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ரசீது தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி முறையற்ற வணிகம். வீட்டில் இருந்து விற்பவருக்கும் இது பொருந்தும். யுபிஐயில் அனுப்பினால் ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். நீங்கள் பேசிய ஆளின் பெயர் இல்லை என்றால் நிறுத்திக் கேளுங்கள். குறிப்பு எழுதும் இடத்தில் 'சாப்பாடு அட்வான்ஸ்' என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் பின்னால் அதைக் கைமாற்றாகக் கொடுத்த பணம் என்று சொல்லிவிடுவார்கள்.

வீட்டுக்காரரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பிய பணம், உங்கள் கணக்கில் கழிந்தும் அவருக்குப் போய்ச் சேரவில்லையா? இரண்டாம் முறை அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட உத்தரவுப்படி, இப்படித் தனியாள் கணக்குக்கு அனுப்பித் தோற்ற தொகை மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்கான கியூஆர் என்றால் ஐந்து நாள். அதற்கும் மேல் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். நீங்கள் புகார் கொடுக்கும்வரை காத்திருக்காமல், வங்கி தானாகவே இதைத் தர வேண்டும்.

ரீஃபண்ட் வாங்கும் இடத்தில்தான் பலர் மோசம் போகிறார்கள். "ரீஃபண்ட் அனுப்புறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று ஒருவர் சொன்னால் அவர் மோசடிக்காரர். பணம் வாங்கப் பின் நம்பர் வேண்டாம். பின் போட்டால் பணம் உங்கள் கணக்கில் இருந்து போகும். ஏமாந்துவிட்டால் அடுத்த நிமிடமே 1930க்குப் போன் செய்யுங்கள், இல்லை cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கினால் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

நியாயமான தொகையை விற்பவர் திருப்பித் தரவில்லை என்றால் என்ன செய்வது? காவல் நிலையத்துக்குப் போனால் "இது சிவில் விவகாரம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். தர வேண்டியதைத் தராமல் இழுப்பவரைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் அப்படி ஒரு வீடே இல்லாமல், பொய்ப் பெயரில் அட்வான்ஸ் வாங்கி மறைந்தவர் செய்தது மோசடிக் குற்றம். அதையும் அதே பதிலைச் சொல்லி அனுப்புவது அக்கிரமம். இன்னும் சிலர் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அங்கே அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பு எழுத முடியாது.

முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். எவ்வளவு கொடுத்தீர்கள், எவ்வளவு திரும்ப வேண்டும், ஏன் என்று எழுதி 15 நாள் அவகாசம் கொடுங்கள். கடித நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழி சொல்வார்கள், பேசியும் பார்ப்பார்கள். தீர்ப்பு தரும் இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அது நாகர்கோவிலில் இருக்கிறது. ஆனால் தூத்துக்குடியில் இருந்து வந்தவர் நாகர்கோவிலுக்கு அலைய வேண்டாம். 2019 சட்டம் வந்த பிறகு, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். e-jagriti.gov.in தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம்வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

புகார் மனுவுடன் உறுதிமொழிப் பத்திரம், வங்கி ஸ்டேட்மென்ட், அனுப்பிய கடிதத்தின் நகல், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்படி எல்லாம் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டு உரையாடலை அழித்துவிடாதீர்கள். மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கும்போது மூலச் செய்தி போனில் இருக்க வேண்டும். கோபத்தில் அந்த எண்ணை பிளாக் செய்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்து நிற்பவர்களுக்கு யாரும் எதுவும் செய்ய முடியாது.

பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.