மாலையில் அனுப்பி நடுநிசியில் சேரும் மெசேஜ்

திருகோணமலையில் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கிளினிக் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வியாழன் காலை பிரஷர் மருந்துக்கு வருபவர்களுக்கு முதல் நாள் மாலை ஆறு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். வேலை இவ்வளவுதான். பலன் உண்டா என்ற கேள்விக்கும் ஓரளவு விடை கிடைத்துவிட்டது. 2013இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, நினைவூட்டல் இல்லாதபோது 67.8 சதவீதமானோர் வந்தார்கள். குறுஞ்செய்தி போனபோது 78.6. ஆள் வைத்துத் தொலைபேசியில் அழைத்தாலும் 80.3தான். ஆனால் ஆறு மணிக்கென்று வைத்த செய்தி இரவு பதினொன்றரைக்கு ஒரு வயோதிபரைத் தூக்கத்திலிருந்து எழுப்பினால், அடுத்த முறை அவர் இலக்கத்தையே தரமாட்டார்.

முதல் காரணம் கடிகாரம். வாடகைக்கு எடுக்கும் சேர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. இலங்கை அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் நிற்கிறது. சேர்வரிடம் 18:00 என்று சொன்னால் அது நமக்கு இரவு 11.30. அந்தச் சேர்வரில் எழுத வேண்டிய வரி இது:

```
30 12 * * * /opt/clinic/remind.sh
```

12.30உடன் ஐந்தரையைக் கூட்டினால் மாலை 6.00. கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று நேரத்தை மாற்றும் வழக்கம் இங்கே இல்லாததால் இந்தக் கணக்கு ஆண்டு முழுதும் பிசகாது. (1996இல் நேரத்தை முன்தள்ளி, 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்கு வந்தோம் என்பதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.) இதோடு இன்னொரு காவலும் வேண்டும். மின்சாரம் போய், தேங்கிய செய்திகள் ராத்திரி ஒன்றாகக் கிளம்பினால் மேலே உள்ள வரி எதையும் தடுக்காது. ஆகவே ஒவ்வொரு செய்தியும் வெளியேறும் கணத்தில் `Asia/Colombo` நேரத்தைப் பார்த்து, காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் வெளியே என்றால் நிறுத்திவைக்க வேண்டும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. மாலையில் படகெடுத்தவரின் போன், கரையை விட்டு விலக விலக சிக்னலை இழக்கிறது. செய்தி தொலைந்துபோவதில்லை, தொலைபேசி நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையம் அதை வைத்துக்கொண்டு, போன் மறுபடி தென்பட்டதும் தள்ளிவிடும். பின்னிரவு இரண்டு மணிக்குப் படகு கரையை நெருங்கினால் செய்தியும் இரண்டு மணிக்குத்தான் சேரும். இதற்கு மருந்து ஆயுள் குறிப்பது. எஸ்.எம்.பி.பி. என்ற நெறிமுறையில் `validity_period` என்றொரு இடம் இருக்கிறது. அதில் `000000030000000R` என்று இட்டால் மூன்று மணித்தியாலத்துக்குள் சேராத செய்தி அங்கேயே இறந்துவிடும். ஆறுக்கு அனுப்பியது ஒன்பதோடு முடிந்தது.

இறந்த செய்திக்கு என்ன செய்வது? அதற்காகவே முதல் நாள் மாலையை விட்டு, செவ்வாய் மாலையே அனுப்பத் தொடங்குவது நல்லது. திரும்பி வரும் அறிக்கையில் `EXPIRED` என்றிருக்கும் இலக்கங்களுக்குப் புதன் காலை பத்து மணிக்கு மறுபடி போகட்டும். அதற்குள் படகு கரையில் இருக்கும். `DELIVRD` என்றிருப்பவற்றில் சேர்ந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். ஒன்பதுக்குப் பிந்தியது ஒன்றாவது இருந்தால், நாம் குறித்த ஆயுளை இடையில் யாரோ மதிக்கவில்லை. சோதிக்கச் சுலபமான வழி: உங்கள் போனை ஐந்தரைக்கு அணைத்து இரவு பத்துக்குப் போடுங்கள். மெசேஜ் வந்தால் சேவை தருபவரோடு பேச வேண்டியதுதான்.

வாசகம் இப்படி இருக்கலாம்: ‘வியாழன் 26.03 காலை 8.30க்கு வாருங்கள். நிறுத்த:’ என்று போட்டு, கிளினிக்கின் பத்து இலக்கத் தொலைபேசி எண். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70தான், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். இந்த வாசகம் 58இல் அடங்குகிறது. எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்திக்கான காசு. நாளும் திகதியும் இருப்பதால் பிந்திப் படித்தாலும் குழப்பமில்லை. பிரஷர், சீனி வருத்தம் என்று எதுவும் இல்லை, ஏனென்றால் அந்தப் போன் வீட்டில் பலர் கையில் புழங்குவது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலை விசேட வகையில் வைத்திருக்கிறது.

‘நிறுத்த’ என்பதற்கு இலக்கம் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. அனுப்புநர் இடத்தில் எண்ணுக்குப் பதில் கிளினிக்கின் பெயர் வந்தால் அதற்குப் பதில் அனுப்ப முடியாது. ‘STOP என்று பதில் அனுப்பவும்’ என்பது அங்கே வெறும் வார்த்தை. மிஸ்ட் கோல் ஒன்று போதும் என்று வைத்தால் நோயாளிக்குச் செலவுமில்லை. வந்த இலக்கத்தை நிறுத்தப் பட்டியலில் ஏற்றி, அனுப்பும் கணத்தில் அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். செவ்வாய் காலையே வரிசையைத் தயாரித்துவிட்டு மதியம் நிறுத்தச் சொன்னவருக்கு மாலையில் அனுப்புவதுதான் வழக்கமான தவறு.

ஒரே போனில் மாமியாரும் மருமகளும் பதிந்திருந்தால், மருமகள் கொடுத்த மிஸ்ட் கோல் மாமியாரின் நினைவூட்டலையும் நிறுத்திவிடும். அதனால் பட்டியலில் இலக்கம் ஏறிய அன்றே அந்த இலக்கத்தில் பதிந்த எல்லாரின் பெயரும் கவுண்டரில் இருப்பவர் கண்ணில் பட வேண்டும். அடுத்த முறை வரும்போது அவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு, வேண்டாதவருக்குக் கிளினிக் கொப்பியில் திகதியைப் பெரிதாக எழுதிக் கொடுக்கலாம்.