எல்லையில் நிற்கும் எண் எந்தப் பிரிவுக்குச் சொந்தம்?

பள்ளி நூலகத்தில் உள்ள 20 புத்தகங்களை விலைவாரியாக நான்கு பிரிவுகளாகப் பிரித்து எண்ணினால், நான்கின் கூடுதலும் 20 ஆகத்தான் இருக்க வேண்டும். 26 என்று வந்தால்? கணினி கூட்டலில் தவறு செய்வதில்லை. நாம் கேட்ட கேள்வியில்தான் ஏதோ இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணினி அறிவியலில் வினவல் மொழியைக் கற்பிக்கும்போது `BETWEEN` என்னும் சொல்லை விளக்க இந்தக் கணக்கையே நான் எடுத்துக்கொள்கிறேன். எட்டாம் வகுப்பில் பிரிவு இடைவெளி நடத்தும் கணித ஆசிரியருக்கும், எக்செலில் பட்டியல் தயாரிக்கும் எவருக்கும் இது பயன்படும்.

கரும்பலகையில் நான் எழுதும் 20 விலைகள் இவை (ரூபாயில்):

35, 40, 45, 49.50, 50, 50, 50, 60, 75, 80, 95, 99.50, 100, 100, 120, 125, 135, 150, 160, 180

0–50, 50–100, 100–150, 150–200 என்று நான்கு பிரிவுகள். மாணவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வினவல் எழுதுவார்கள்:

```sql
SELECT COUNT(*) FROM books
WHERE price BETWEEN 50 AND 100;
```

எண்களை மட்டும் மாற்றி நான்கு முறை இயக்கினால் 7, 10, 6, 3 என்று விடை வரும். கூடுதல் 26. புத்தகங்களோ 20தான்.

ஆறு புத்தகங்கள் எங்கிருந்து வந்தன?

'இடையில்' என்று நாம் பேச்சில் சொல்லும்போது இரு முனைகளும் சேருமா சேராதா என்பதைத் தெளிவாகச் சொல்வதில்லை. `BETWEEN` அப்படியல்ல. `BETWEEN 50 AND 100` என்றால் 50-க்குச் சமம் அல்லது அதிகம், 100-க்குச் சமம் அல்லது குறைவு என்று பொருள். இரு முனைகளும் சேரும். எனவே 50 ரூபாய்ப் புத்தகம் முதல் பிரிவிலும் எண்ணப்படுகிறது, இரண்டாம் பிரிவிலும் எண்ணப்படுகிறது. நம் பட்டியலில் 50 ரூபாய்க்கு மூன்று, 100 ரூபாய்க்கு இரண்டு, 150 ரூபாய்க்கு ஒன்று என ஆறு புத்தகங்கள் எல்லையில் நிற்கின்றன. அந்த ஆறுதான் கூடுதலாக வந்தவை.

விலையைக் கூட்டினாலும் இதே நிலைதான். 20 புத்தகங்களின் உண்மையான மதிப்பு 1,799 ரூபாய். பிரிவுவாரியாகக் கூட்டினால் 2,299 ரூபாய் வரும். இருப்புச் சரிபார்ப்பின்போது பதிவேடு ஒரு தொகையையும் அறிக்கை வேறொரு தொகையையும் காட்டினால், 500 ரூபாய்க்கும் ஆறு புத்தகங்களுக்கும் நூலகப் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எல்லையில் விழும் பதிவுகள் அரிதானவை என்று எண்ணிவிட முடியாது. புத்தக விலை பெரும்பாலும் 50, 100, 150 என முழு எண்ணாகவே அமைகிறது. பிரிவின் எல்லைகளையும் நாம் அதே முழு எண்களில்தான் வைக்கிறோம். ஆகவே தரவு அதிகமாகக் குவியும் இடத்திலேயே எல்லைக்கோடு விழுகிறது.

ஒன்றைக் குறைத்தால் போதுமா?

இதைக் கண்டதும் மாணவர்கள் உடனே சொல்லும் தீர்வு, 0–49, 50–99, 100–149, 150–200 என்று மாற்றுவது. இயக்கிப் பார்த்தால் 3, 7, 5, 3 என்று வரும். கூடுதல் 18. இப்போது 49.50, 99.50 என்ற இரண்டு புத்தகங்கள் எந்தப் பிரிவிலும் இல்லை. 49-க்கும் 50-க்கும் நடுவே உள்ள இடைவெளியில் அவை விழுந்துவிட்டன.

இந்த முறை முழு எண்களுக்கு மட்டுமே சரிவரும். நிறைவடைந்த ஆண்டுகளில் வயதைப் பதிந்திருந்தால் `BETWEEN 12 AND 13`, `BETWEEN 14 AND 15` என்று எழுதுவதில் பிழையில்லை. பிறந்த தேதியிலிருந்து வயதைத் தசமத்தில் கணக்கிட்டிருந்தாலோ, 13.6 வயது மாணவர் இரண்டிலும் வரமாட்டார்.

49.99 என்று எழுதினால் ரூபாய்–பைசாவுக்குச் சரியாக இருக்கும். ஆனால் தள்ளுபடி கழித்து 49.995 என்று ஒரு மதிப்பு வந்தால் அதுவும் நழுவிவிடும்.

ஒரு முனை மூடி, ஒரு முனை திறந்து

எந்த மதிப்புக்கும் பொருந்தும் வழி, கீழ் எல்லையைச் சேர்த்து மேல் எல்லையைச் சேர்க்காமல் விடுவது:

```sql
SELECT COUNT(*) FROM books
WHERE price >= 50 AND price < 100;
```

நான்கு பிரிவுகளுக்கும் இப்படி எழுதினால் 4, 8, 5, 3 என வரும். கூடுதல் 20. கணிதப் பாடத்தில் மேல் எல்லையைச் சேர்க்காமல் பிரிவு இடைவெளி அமைக்கும் முறையும் இதுதான். கடைசிப் பிரிவில் மட்டும் கவனம் தேவை. 200 ரூபாய்ப் புத்தகம் ஒன்று வந்தால் `price < 200` அதை விட்டுவிடும். எனவே கடைசிப் பிரிவுக்கு மேல் எல்லை வைக்காமல் `price >= 150` என்று மட்டும் எழுதி, தலைப்பில் '150-உம் அதற்கு மேலும்' என்று குறிப்பது நல்லது.

எக்செலில் இதையே இப்படி எழுதலாம்:

```
=COUNTIFS(B2:B21,">=50",B2:B21,"<100")
```

`FREQUENCY` சார்பைப் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அது மேல் எல்லையைச் சேர்த்து எண்ணும். 50 ரூபாய்ப் புத்தகம் அதில் முதல் பிரிவுக்குப் போகும். இரட்டை எண்ணிக்கை வராது. ஆனால் ஒரே அறிக்கையில் இரு முறைகளையும் கலந்தால் பிரிவுகளின் எண்ணிக்கைகள் ஒத்துப்போகா.

தேதியும் நேரமும்

புத்தகம் வழங்கிய நேரத்தையும் பதிவு செய்தால் இதே சிக்கல் வேறு உருவில் வரும். ஜூலை மாதக் கணக்குக்கு `BETWEEN '2025-07-01' AND '2025-07-31'` என்று கேட்டால், மேல் எல்லை 31-ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவு 00:00 மணி. அன்று காலை 10.15-க்கு வழங்கிய புத்தகம் விடுபடும். இதைச் சரிசெய்ய மேல் எல்லையை `'2025-08-01'` ஆக்கினால், ஆகஸ்ட் 1 நள்ளிரவு 00:00 மணிப் பதிவு இரு மாதங்களிலும் வரும். நள்ளிரவில் யார் புத்தகம் எடுக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். நேரத்தை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் உள்ளிட்டால், தேதி–நேரப் புலம் பொதுவாக 00:00 என்றே நிரப்பிக்கொள்ளும். அப்படி உள்ளிட்ட ஆகஸ்ட் 1 பதிவுகள் அத்தனையும் இருமுறை எண்ணப்படும். இங்கும் தீர்வு அதேதான்:

```sql
WHERE issued_at >= '2025-07-01'
  AND issued_at <  '2025-08-01'
```

கூடுதல் சரியாக வந்தாலும்

பிரிவுகளின் கூடுதலை மொத்தப் பதிவுகளோடு ஒப்பிடுவது முதல் சோதனை. அது மட்டும் போதாது என்பதை மாணவர்களுக்குக் காட்ட, 0–49, 50–99.99, 100–150, 150–200 என்ற பிரிவுகளை `BETWEEN` கொண்டு எண்ணச் சொல்வேன். 3, 8, 6, 3. கூடுதல் சரியாக 20! ஆனால் 49.50 ரூபாய்ப் புத்தகம் விடுபட்டிருக்கிறது. 150 ரூபாய்ப் புத்தகம் இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது. ஒரு பிழை மற்றொன்றை மறைத்துவிட்டது.

ஆகவே விடையோடு நிபந்தனைகளையும் படித்துப் பார்க்கச் சொல்கிறேன். பிரிவுகளுக்கு நடுவே வரும் ஒவ்வோர் எல்லை எண்ணும் இரண்டே முறை வர வேண்டும்: ஒரு பிரிவில் `<` குறியோடு, அடுத்த பிரிவில் `>=` குறியோடு. இரண்டிலும் சமக்குறி இருந்தால் இரட்டை எண்ணிக்கை. இரண்டிலும் இல்லாவிட்டால் எல்லையில் உள்ள பதிவு விடுபடும். ஒரு பிரிவு முடியும் எண்ணும் அடுத்தது தொடங்கும் எண்ணும் வேறுவேறாக இருந்தால் நடுவில் இடைவெளி. இந்தச் சோதனைக்குக் கணினி தேவையில்லை, வினவலை எழுதிய தாளே போதும்.