மஞ்சள் கருவை எறிவதற்கு முன்

திருவொற்றியூரில் பொது மருத்துவம் பார்க்கும் என்னிடம், எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி ஓட்டும் இளைஞர் ஒருவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டுடன் வந்தார். எடையைக் குறைப்பதற்காக எண்ணெய்ப் பலகாரங்களை விட்டுவிட்டு, நாள்தோறும் ஆறு அவித்த முட்டைகளை உண்டு வந்தார். ஆறு கிலோ குறைந்தது. ஆனால், தீய கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 118இலிருந்து 141ஆக உயர்ந்திருந்தது. "மஞ்சள் கருவை எறிந்துவிடட்டுமா, டாக்டர்?" என்று கேட்டார்.

ஒரு முட்டையில் ஏறத்தாழ 186 மில்லிகிராம் கொலஸ்டிரால் உண்டு. அது முழுவதும் மஞ்சள் கருவிலேயே இருக்கிறது. ஆயினும், நாம் உண்ணும் கொலஸ்டிரால் அப்படியே ரத்தத்தில் சேர்வதில்லை. நமக்குத் தேவையானதில் பெரும்பகுதியை உடலே உற்பத்தி செய்கிறது. உணவின் வழியே அதிகம் வந்தால், பலருக்கு உடல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு 25 முட்டைகள் உண்டும் ரத்தக் கொலஸ்டிரால் இயல்பாக இருந்த 88 வயது முதியவரைப் பற்றி 1991இல் அமெரிக்க மருத்துவ இதழொன்று எழுதியது. அவரது குடல் கொலஸ்டிராலில் சிறு பங்கை மட்டுமே உறிஞ்சியது; உறிஞ்சியதில் மிகையானதைக் கல்லீரல் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றியது.

எல்லாருடைய உடலும் அப்படி இயங்காது. சிலருக்கு முட்டை கூடக்கூட எல்டிஎல் கூடும். பார்த்தோ எடையைக் கொண்டோ அவர்களை அடையாளம் காண இயலாது. பரிசோதனை ஒன்றே வழி. இங்கு ஓர் எச்சரிக்கை: எடை வேகமாகக் குறையும் வாரங்களிலும் எல்டிஎல் தற்காலிகமாக ஏறலாம். நல்வாய்ப்பாக, இவரது எடை ஒரு மாதமாக நிலையாக இருந்தது. உணவில் வேறு மாற்றமும் இல்லை. எனவே முட்டையைச் சந்தேகிக்க இடமிருந்தது.

மஞ்சள் கருவை முற்றிலும் விடச் சொல்லவில்லை. வைட்டமின் டி, பி12, கோலின் ஆகியவை பெரிதும் அதில்தான் உள்ளன. இரண்டு முழு முட்டை, நான்கு வெள்ளைக்கரு என்று மாற்றச் சொன்னேன். கொழுப்பு 30 கிராமிலிருந்து 10 கிராமாகக் குறைந்தது. புரதம் 36இலிருந்து 27 கிராமானது. அந்த ஒன்பது கிராமைக் காசிமேட்டு மீன் ஐம்பது கிராம் ஈடுசெய்துவிடும், குழம்பாக வைத்தால்; எண்ணெயில் பொரித்தால் குறைத்த கொழுப்பு திரும்பி வந்துவிடும்.

ஆறு வாரங்களுக்குப் பின் எல்டிஎல் 121. அவருடைய அளவு அவருக்குத் தெரிந்துவிட்டது. அது பிறருக்குப் பொருந்த வேண்டியதில்லை. நீரிழிவு உள்ளோரும், எல்டிஎல் 190ஐத் தாண்டியோரும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு கண்டோரும் இத்தகைய சோதனையைத் தாமாகத் தொடங்கலாகாது. மற்றவர்கள் முட்டையைக் கூட்டுவதற்கு முன் ஒரு பரிசோதனை, எடை நிலைத்த பின் ஒன்று எனச் செய்துகொண்டால், மஞ்சள் கருவை அஞ்சி எறியவும் வேண்டாம். கண்மூடி உண்ணவும் வேண்டாம்.